கோடியை மில்லியனாக மாற்றும்போது

வெளிநாட்டு நிறுவனமொன்றுடன் கூட்டு வியாபாரம் பற்றிப் பேச்சு ஆரம்பித்துவிட்டால், முதலில் கேட்கப்படும் ஆவணங்களுள் ஒன்று சந்தை பற்றிய அறிக்கையாகும். அதன் முதற் பக்கத்திலேயே சனத்தொகை அட்டவணை ஒன்று இடம்பெற வேண்டும். அதுவும் மில்லியன் கணக்கில் இருக்க வேண்டும். கடந்த சில மாதங்களில் இவ்வாறான அறிக்கைகள் சில சரிபார்ப்பதற்காக என்னிடம் வந்தன. மொழிநடையும் அச்சமைப்பும் குறை சொல்ல முடியாதபடி இருந்தன. ஆனால் சனத்தொகை அட்டவணையில் மட்டும் ஏதாவதொரு நிரையில் எண் பத்து மடங்கு கூடியோ குறைந்தோ நின்றது. ஆகவே இவ்வாரம் இந்த ஒரு விடயத்தை மாத்திரம் எடுத்துக்கொள்வோம்.

இலங்கையரான எமக்கு இதில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. இந்தியாவில் பேச்சிலும் எழுத்திலும் இலட்சமும் கோடியும்தான். எமது நாட்டிலோ, காணி விலையை இலட்சத்தில் பேசுகிறோம். வரவு செலவுத் திட்டத்தை மில்லியனிலும் பில்லியனிலும் வாசிக்கிறோம். காற்புள்ளியை மேல்நாட்டு முறைப்படி மூன்று இலக்கத்திற்கு ஒருமுறை இடுகிறோம். இரண்டு முறைகளும் எமக்குத் தெரியும் என்பதனாலேயே, எந்த இடத்தில் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவினோம் என்பது எமக்கே தெரியாமல் போய்விடுகின்றது.

அடிப்படையை ஒருமுறை பார்ப்போம். இலட்சத்திற்கு ஐந்து பூச்சியம், மில்லியனுக்கு ஆறு, கோடிக்கு ஏழு. அதாவது மில்லியன் என்பது இலட்சத்துக்கும் கோடிக்கும் நடுவில் நிற்கின்றது. எனவே கோடியில் உள்ள எண்ணைப் பத்தால் பெருக்கினால் மில்லியன். இலட்சத்தில் உள்ள எண்ணைப் பத்தால் வகுத்தால் மில்லியன். கணக்கு இவ்வளவுதான். பிழை பிறப்பதும் இங்கேதான். ஒன்றைப் பெருக்க வேண்டும், மற்றதை வகுக்க வேண்டும். ஒரே அட்டவணையில் இரண்டும் கலந்து வரும்போது கை ஒரே திசையில் ஓடிவிடும்.

நம் நாட்டை வைத்தே பார்க்கலாம். 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி இலங்கையின் சனத்தொகை 20,359,439. வாயால் சொன்னால் இரண்டு கோடியே மூன்று இலட்சத்து ஐம்பத்தொன்பதாயிரத்து நானூற்று முப்பத்தொன்பது. கோடியில் 2.036. பத்தால் பெருக்க 20.36 மில்லியன். இலட்சத்தில் 203.6. பத்தால் வகுக்க அதே 20.36 மில்லியன். இரண்டு வழியாலும் போய் ஒரே இடத்திற்கு வந்தால் கணக்குச் சரி.

இனி உண்மையான வேலைக்கு வருவோம். எனக்குத் தெரிந்த ஒரு சகோதரர் பிஸ்கட் உற்பத்தி செய்பவர். தென்னிந்தியாவுக்கு அனுப்பும் நோக்கில், வெளிநாட்டு முதலீட்டாளர் ஒருவருக்காக அறிக்கை தயாரித்தார். இந்தியாவின் 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பையே அவர் அடிப்படையாகக் கொண்டிருந்தார். 2021இல் நடைபெறவிருந்த கணக்கெடுப்பு கொவிட் காரணமாகத் தள்ளிப்போனமையால், நீண்ட காலமாக எல்லோரும் 2011இன் எண்களையே அடிப்படையாகக் கொண்டு வந்துள்ளனர். அவரது மூல ஆவணத்தில் தமிழ்நாட்டுக்கு நேரே 7,21,47,030 என்று இருந்தது.

எமது கண் இந்தக் காற்புள்ளிகளுக்குப் பழக்கப்பட்டதல்ல. முதலாவது காற்புள்ளிக்கு முன்னால் 7 நிற்பதைக் கண்டவுடன் ஏழு மில்லியன் என்று வாசிக்கத் தோன்றும். இந்திய முறையில் வலப்பக்கக் கடைசி மூன்று இலக்கங்களுக்குப் பிறகு இரண்டிரண்டு இலக்கங்களுக்கு ஒரு காற்புள்ளி இடுவார்கள். எனவே அங்கே வலமிருந்து முதலாவது காற்புள்ளி ஆயிரத்தையும், இரண்டாவது இலட்சத்தையும், மூன்றாவது கோடியையும் காட்டும். எமது முறையில் இரண்டாவது காற்புள்ளி மில்லியனையும் மூன்றாவது பில்லியனையும் காட்டும்.

காற்புள்ளியைக் கண்ணால் இடம் மாற்றிப் பார்க்க முயல வேண்டாம் என்பதே எனது அறிவுரை. எல்லாக் காற்புள்ளிகளையும் அழித்துவிடுங்கள்: 72147030. இலக்கங்களை எண்ணுங்கள்: எட்டு. எட்டு இலக்கம் என்றால் பத்து மில்லியனுக்குக் குறையாது, நூறு மில்லியனை எட்டாது. பிறகு வலப்பக்கமிருந்து மும்மூன்றாகப் பிரியுங்கள்: 72,147,030. இப்போது இடப்பக்கக் குழுவே மில்லியன். 72.1 மில்லியன். ஏழு கோடியே இருபத்தொரு இலட்சம் என்பதைப் பத்தால் பெருக்கினாலும் அதுவே வரும்.

எண் எழுத்தில் இல்லாமல் சொல்லில் வரும்போது இன்னொரு குழி காத்திருக்கின்றது. பத்திரிகைச் செய்தி, அமைச்சரின் உரை, தொலைபேசி உரையாடல் என்பவற்றிலிருந்து எண்களை எடுப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். குஜராத் மாநிலத்தின் 2011ஆம் ஆண்டுச் சனத்தொகை 6,04,39,692. இதனை "ஆறு கோடியே நான்கு இலட்சம்" என்பார்கள். கேட்டவர் அவசரத்தில் 6.4 கோடி என்று குறித்துக்கொள்கிறார். பத்தால் பெருக்கி 64 மில்லியன் என்று எழுதுகிறார். உண்மையில் அது 6.04 கோடி, அதாவது 60.4 மில்லியன். வித்தியாசம் 3.6 மில்லியன் மக்கள். கேரளாவின் சனத்தொகையில் பத்தில் ஒரு பங்குக்கும் அதிகமானோர் ஒரு பூச்சியத்தை விட்டதனால் முளைத்துவிட்டார்கள்.

இந்தப் பிழை பத்து மடங்குப் பிழையை விட ஆபத்தானது என்பேன். பத்து மடங்கு கூடினால் யாராவது ஒருவருக்கு உறுத்தும். 60.4 இருக்க வேண்டிய இடத்தில் 64 இருந்தால் எவருக்கும் உறுத்தாது. ஆனால் மாநிலங்களை வரிசைப்படுத்தும்போது, 61.1 மில்லியன் மக்களைக் கொண்ட கர்நாடகாவுக்குக் கீழே நிற்க வேண்டிய குஜராத் மேலே போய்விடும். கோடிக்கு அடுத்து வரும் இலட்சம் பத்துக்குக் குறைவாக இருந்தால் அதன் முன்னே ஒரு பூச்சியம் கட்டாயம் இட வேண்டும். எமது நாட்டின் இரண்டு கோடியே மூன்று இலட்சமும் இதே ரகம்தான். 2.3 கோடி என்று எழுதியவர் 23 மில்லியன் இலங்கையரை உருவாக்கிவிடுவார்.

மீண்டும் அந்தச் சகோதரரின் அட்டவணைக்கு வருவோம். அவர் எடுத்துக்கொண்டவை தமிழ்நாடு, கேரளா, கர்நாடகா, அன்றைய ஆந்திரப் பிரதேசம், புதுச்சேரி என ஐந்து. முதல் நான்கும் கோடியில் இருந்தன: 7.21, 3.34, 6.11, 8.46. புதுச்சேரி சிறிய பிரதேசம் என்பதால் அதை மட்டும் இலட்சத்தில், 12.48 என்று போட்டிருந்தார்கள். முதல் நான்கையும் அவர் பத்தால் சரியாகப் பெருக்கி 72.1, 33.4, 61.1, 84.6 என்று எழுதினார். ஐந்தாவதில் 12.48 என்பதைக் கண்டு, மற்றைய எண்களோடு ஒப்பிடும்போது அதுவே மில்லியன் போலத் தோன்றியதால், 12.5 மில்லியன் என்று விட்டுவிட்டார். சரியான எண் 1.25 மில்லியன். இலட்சத்தைப் பத்தால் வகுக்க வேண்டியிருந்தது.

அட்டவணையில் இது ஒரு சிறு தசமப் புள்ளிதான். ஆனால் அவருடைய திட்டமே, முதலில் புதுச்சேரியில் பரீட்சார்த்தமாக விற்றுப் பார்த்து, பின்னர் பெரிய மாநிலங்களுக்குப் போவது என்பதாகும். மாதமொன்றுக்குப் பத்துப் பேருக்கு ஒரு பக்கற் விற்கும் என்று அவர் எடுத்துக்கொண்டார். 12.48 மில்லியன் பேர் என்றால் 12 இலட்சத்து 48 ஆயிரம் பக்கற்றுகள். பெட்டிக்கு 24 பக்கற் வீதம் 52,000 பெட்டிகள். உண்மையான 1.248 மில்லியனை வைத்துக் கணக்கிட்டால் 5,200 பெட்டிகள். காலாவதித் திகதி அச்சிடப்பட்ட பொருளில் 46,800 பெட்டிகள் மேலதிகமாகப் போய்ச் சேர்ந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்பதை வியாபாரிகளுக்கு நான் சொல்லத் தேவையில்லை. நல்ல வேளையாக அறிக்கை அனுப்பப்படும் முன்னர் அது திருத்தப்பட்டது. (புதுச்சேரி என்பது ஒரே இடமும் அல்ல. காரைக்கால், மாஹே, யானம் ஆகியவையும் அதில் அடக்கம். அவை வெவ்வேறு கரைகளில் சிதறிக் கிடக்கின்றன. அது வேறு கதை.)

இதிலிருந்து செய்ய வேண்டியது ஒன்றே. மூல அட்டவணையில் அலகுகள் கலந்திருந்தால் அப்படியே மாற்ற ஆரம்பிக்காதீர்கள். முதலில் எல்லாவற்றையும் முழு எண்ணாக, ஆள் கணக்கில், ஒரே நிரலில் எழுதுங்கள். 72,147,030, 33,406,061, 61,095,297, 84,580,777, 1,247,953. இப்போது பெருக்கலா வகுத்தலா என்ற கேள்வியே இல்லை. எல்லாவற்றையும் பத்து இலட்சத்தால் வகுக்க வேண்டியதுதான்.

அடுத்தது மட்டந்தட்டல். மேற்படி ஐந்தையும் ஒரு தசமத்திற்கு மட்டந்தட்டினால் 72.1, 33.4, 61.1, 84.6, 1.2. இவற்றைக் கூட்டினால் 252.4. ஆனால் முழு எண்களைக் கூட்டினால் 252,477,118. அதனை மட்டந்தட்டினால் 252.5. எது சரி? 252.5தான் சரி. முதலில் கூட்டிப் பின்னர் மட்டந்தட்ட வேண்டும். மட்டந்தட்டியவற்றைக் கூட்டக் கூடாது. அப்படியானால் அட்டவணையைக் கையால் கூட்டிப் பார்க்கும் வெளிநாட்டவர் 252.4 வருகிறதே என்று கேட்க மாட்டாரா? கேட்பார். அதற்காகவே சர்வதேச அறிக்கைகளில் அட்டவணைக்குக் கீழே, மட்டந்தட்டல் காரணமாகக் கூட்டுத்தொகை சிறிது வேறுபடலாம் என்று ஒரு வரி சேர்ப்பார்கள். அந்த வரியை எழுதிவிடுங்கள். கூட்டுத்தொகை பொருந்த வேண்டும் என்பதற்காக ஏதாவதொரு மாநிலத்தின் எண்ணை 0.1ஆல் கூட்டிவிடும் பழக்கம் சில அலுவலகங்களில் உண்டு. அது கணக்கைச் சரிசெய்வதல்ல, எண்ணைத் திரிப்பது.

எத்தனை தசமம் என்பதும் இங்கே தீர்மானிக்கப்பட வேண்டும். கோடியை மில்லியனாக்கும்போது ஒரு தசம இடம் குறைகின்றது; 7.21 கோடி 72.1 மில்லியனாகின்றது. இலட்சத்தை மில்லியனாக்கும்போது ஒரு தசம இடம் கூடுகின்றது, 12.48 இலட்சம் 1.248 மில்லியனாகின்றது. மூலத்தில் 7.2 கோடி என்று மட்டும் இருந்தால் 72 மில்லியன் என்று மட்டுமே எழுத உரிமை உண்டு. அதனை 72.00 என்று எழுதினால், எம்மிடம் இல்லாத துல்லியத்தை இருப்பதாகக் காட்டியவர்களாவோம்.

மிகச் சிறிய பிரதேசங்களுக்கு மில்லியன் பொருந்தாது. இலட்சத்தீவின் 2011ஆம் ஆண்டுச் சனத்தொகை 64,473. ஒரு தசமத்திற்கு மட்டந்தட்டினால் 0.1 மில்லியன், அதாவது ஓர் இலட்சம் பேர். இருப்பவர்களை விட ஒன்றரை மடங்குக்கும் அதிகம். இப்படியான பிரதேசங்கள் அட்டவணையில் இருந்தால் முழு அட்டவணையையும் ஆயிரம் கணக்கில் தருவது நல்லது. ஐக்கிய நாடுகள் சபையின் சனத்தொகை அட்டவணைகளும் பெரும்பாலும் ஆயிரத்திலேயே தரப்படுகின்றன. தமிழ்நாடு 72,147, இலட்சத்தீவு 64 என்று இரண்டும் ஒரே நிரலில் அடங்கும்.

இப்போது கணனி. எக்செல் பயன்படுத்துவோர், இந்தியக் காற்புள்ளியோடு உள்ள எண்களை ஆவணத்திலிருந்து பிரதி செய்து ஒட்டியதும் ஒன்றைப் பார்க்க வேண்டும். எண்கள் கட்டத்தின் வலப்பக்கம் ஒட்டி நிற்கின்றனவா, இடப்பக்கமா? நீங்களாக மாற்றியிராத நிலையில் இடப்பக்கம் நின்றால் எக்செல் அதனை எண்ணாக அல்ல, எழுத்தாகவே கருதுகின்றது. அப்படிப்பட்ட கட்டத்தை கூட்டல் சூத்திரம் சத்தமில்லாமல் தவிர்த்துவிடும். பிழைச் செய்தி எதுவும் வராது. புதுச்சேரி மட்டும் எழுத்தாக நின்றால் மொத்தம் 251.2 என்று வரும், பார்ப்பவருக்கு எதுவும் தெரியாது.

மூல எண்கள் இரண்டாவது நிரலில் இரண்டாம் நிரை முதல் ஆறாம் நிரை வரை உள்ளதாகக் கொள்வோம். மூன்றாவது நிரலில் காற்புள்ளியை அகற்றி எண்ணாக்குகிறோம். நான்காவதில் மில்லியனாக்குகிறோம். கடைசி வரி மொத்தத்திற்கு உரியது.

```
=VALUE(SUBSTITUTE(B2,",",""))
=ROUND(C2/1000000,1)
=ROUND(SUM(C2:C6)/1000000,1)
```

மூன்றாவது வரியைக் கவனியுங்கள். மொத்தம் எடுக்கப்படுவது மட்டந்தட்டிய நான்காம் நிரலிலிருந்து அல்ல, முழு எண்கள் உள்ள மூன்றாம் நிரலிலிருந்து.

எல்லா இலட்சத்தையும் மில்லியனாக்க வேண்டும் என்ற வேகத்தில், தொடக் கூடாத ஓர் இடத்தையும் தொட்டுவிடுபவர்கள் உள்ளனர். "இலட்சம் பேருக்கு இத்தனை" என்று வரும் வீதங்களே அவை. உதாரணமாக, இந்தியாவில் 2018 முதல் 2020 வரையிலான காலத்தில் தாய்மார் இறப்பு வீதம் இலட்சம் உயிருடன் பிறப்புகளுக்கு 97 என்று பதிவாகியுள்ளது. சர்வதேச அறிக்கையிலும் இந்த வீதம் நூறாயிரம் பிறப்புகளுக்கே தரப்படும். இலட்சம் என்பதும் நூறாயிரம் என்பதும் ஒன்றே. எனவே சொல்லை மாத்திரம் மாற்றி 97ஐ 97 ஆகவே விட வேண்டும். பத்தால் வகுத்து 9.7 என்று எழுதினால் உலகின் முன்னேறிய நாடுகளின் வரிசைக்கு அது போய்விடும். நூற்றுவீதம், அடர்த்தி ஆகியவற்றையும் தொட வேண்டியதில்லை.

சொல்லப்போனால், தொடாமல் விடும் இந்த எண்கள்தான் எமக்கு நல்ல சாட்சிகள். தமிழ்நாட்டின் பரப்பளவு ஏறத்தாழ 130,060 சதுர கிலோமீற்றர். கணக்கெடுப்பில் தரப்பட்ட அடர்த்தி சதுர கிலோமீற்றருக்கு 555 பேர். நீங்கள் எழுதிய 72.1 மில்லியனைப் பரப்பளவால் வகுத்துப் பாருங்கள். 554 அல்லது 555 வர வேண்டும். 55 வந்தாலோ 5,500 வந்தாலோ ஒரு பூச்சியம் எங்கோ வழி தவறியுள்ளது. பரப்பளவு கையில் இல்லாவிட்டால் பங்கை எடுத்துப் பாருங்கள். இந்தியாவின் மொத்தம் 1,210.9 மில்லியன்; அதில் தமிழ்நாடு ஏறத்தாழ 6 வீதம். புதுச்சேரி 0.1 வீதம். அந்தச் சகோதரரின் 12.5 மில்லியன் 1 வீதத்தைத் தாண்டியிருந்தது. நூறு இந்தியரில் ஒருவர் புதுச்சேரிக்காரர் என்பதை எவரும் ஏற்க மாட்டார்.

கடைசியாக, மாற்றம் சரியாக இருந்தும் எண் பொருந்தாமல் போகும் சந்தர்ப்பம் ஒன்று உண்டு. 2011ஆம் ஆண்டின் இந்தியச் சனத்தொகை என்று தேடினால் 121,01,93,422 என்றும் கிடைக்கும், 121,08,54,977 என்றும் கிடைக்கும். முதலாவது அவ்வாண்டே வெளியான தற்காலிக எண். இரண்டாவது இறுதி எண். மில்லியனில் ஒன்று 1,210.2, மற்றது 1,210.9. மாநிலங்களுக்கும் இதேபோல் இரண்டிரண்டு எண்கள் உள்ளன. மாநிலத்தைத் தற்காலிகப் பட்டியலிலிருந்தும் மொத்தத்தை இறுதிப் பட்டியலிலிருந்தும் எடுத்தால், நீங்கள் எவ்வளவு கவனமாகப் பூச்சியங்களை எண்ணினாலும் கூட்டுத்தொகை பொருந்தாது. ஆந்திரப் பிரதேசத்தின் 84.6 மில்லியனும் 2014 ஜூனில் தெலங்கானா பிரிந்து செல்வதற்கு முந்திய மாநிலத்திற்கு உரியது. இன்றைய அறிக்கையில் அதனைப் பயன்படுத்துபவர், இரண்டு மாநிலங்களும் சேர்ந்தது என்று அட்டவணைக்குக் கீழே குறிப்பிட வேண்டும். இல்லாவிட்டால் வெளிநாட்டவர் தெலங்கானாவைத் தனியாகத் தேடி எடுத்து, அதன் 35 மில்லியனை மேலும் ஒருமுறை கூட்டிக்கொள்வார்.